ஒரு துறையில் வேலை விளம்பரம் குவிவது ஏன்?

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த என் பெறாமகள், ஒரு மோனிட்டர்ஸ் கொப்பியோடு வீட்டுக்கு வந்தாள். ஆறு கிழமையாக சண்டே ஒப்சேவர் பத்திரிகையிலும் topjobs.lk தளத்திலும் வந்த விளம்பரங்களை உட்கார்ந்து எண்ணியிருக்கிறாள். கொழும்பில் எந்தத் துறைக்குக் கிராக்கி அதிகம் என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம். கோல் சென்டர் வேலைக்கு 63 விளம்பரம், கணக்குப் பிரிவு வேலைக்கு 41.

"சின்னம்மா, எல்லாரும் சி.ஏ. செய், சிமா செய் என்று சொல்லுகினம். ஆனால் ஆள் தேடுறது கோல் சென்டருக்குத்தானே?"

அவள் எண்ணியதில் பிழை இல்லை. பிழை, அந்த எண்ணுக்கு அவள் கொடுத்த அர்த்தத்தில் இருந்தது. பதினாறு வருடமாகக் கொழும்பில் ஆட்சேர்ப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். படித்த பெற்றோரும் ஆசிரியர்களும்கூட "பேப்பர் முழுக்க அந்த வேலைதான்" என்பதை வைத்துப் பிள்ளைகளுக்குத் துறை சொல்வதைப் பார்க்கும்போது கவலையாக இருக்கிறது. நாலைந்து வருடத்தையும் பல லட்சம் ரூபாவையும் போடப்போகிற முடிவு அது. ஆகவே ஒரு விளம்பரம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை அடியிலிருந்து பார்ப்போம். சம்பளக் கணக்கெடுப்பும் தொழிற்துறை அறிக்கையும் அதற்குப் பிறகு.

"வாடகைக்கு" பலகை

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் நடந்தால் "அனெக்ஸ் வாடகைக்கு" என்ற பலகைகளைக் காணலாம். அந்தப் பலகைகளை எண்ணினால் வெள்ளவத்தையில் எத்தனை வீடு இருக்கிறது என்று தெரியுமா? தெரியாது. எந்த வீடு நல்லது என்றாவது தெரியுமா? அதுவும் தெரியாது.

நல்ல தண்ணீர் வசதியோடு, நியாயமான வாடகைக்கு, சண்டை பிடிக்காத வீட்டுக்காரரிடம் ஓர் அனெக்ஸ் காலியானால் பலகை ஏறுவதே இல்லை. இருந்தவர் போக முன்னமே அவருடைய ஒன்றுவிட்ட தம்பி வந்து முற்பணம் கொடுத்துவிடுவார். மழைக்கு ஒழுகும் அனெக்ஸில் மூன்று மாதத்துக்கு ஒருவர் வந்து போவார். அதன் பலகை வருடம் முழுக்கத் தொங்கும். நாம் ஒழுங்கையால் போகும்போதெல்லாம் கண்ணில் படுவது அந்த ஒழுகும் வீட்டின் பலகைதான்.

வேலை விளம்பரமும் இந்தப் பலகையைப் போன்றது. வெறுமையாகி, இன்னும் நிரம்பாமல் இருக்கும் இடத்தை மட்டுமே அது காட்டும்.

ஒரு வெற்றிடம் எப்படி உண்டாகிறது

பதவி வெற்றிடம் இரண்டு வழியில் வரும். ஒன்று வளர்ச்சி வெற்றிடம்: கம்பனி பெரிதாகி, முன்பு இல்லாத ஒரு கதிரையைப் புதிதாகப் போடுகிறது. மற்றது மாற்று வெற்றிடம்: இருந்த ஆள் விலகினார், ஓய்வு பெற்றார், வெளிநாடு போனார், அதே கதிரைக்கு இன்னொருவர் வேண்டும். ஒரு வருடத்தில் நூறு பேரில் எத்தனை பேர் விலகுகிறார்கள் என்பதை விலகல் வீதம் என்போம்.

விளம்பரத்தில் இந்த இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும். அங்கேதான் நாம் ஏமாறுகிறோம்.

ஒரு கற்பனைக் கணக்கு. முதலாவது துறையில் 10,000 பேர் வேலை செய்கிறார்கள். வேலை கடினம், சம்பளம் ஏறுவதில்லை, வருடத்துக்கு 6,000 பேர் விட்டுவிட்டுப் போகிறார்கள். துறை துளியும் வளரவில்லை. இரண்டாவது துறையில் 5,000 பேர். வருடத்துக்கு 500 பேர்தான் போகிறார்கள், அதோடு 500 புதிய கதிரைகள் சேருகின்றன. முதலாவது வருடத்தில் முதல் துறையில் 6,000 வெற்றிடம், இரண்டாவதில் 1,000. விளம்பரத்தை எண்ணுகிறவருக்கு முதல் துறை ஆறு மடங்கு பெரிதாகத் தெரியும். ஐந்து வருடம் கழித்துப் பாருங்கள். முதல் துறையில் அதே 10,000 கதிரை. இரண்டாவதில் வருடா வருடம் 500 சேர்ந்தாலே 7,500. உள்ளே போனவர் மேலே ஏறுவதற்குப் படி எங்கே இருக்கிறது என்பதும் அதில் தெரிந்துவிடும்.

நிஜத்திலும் இப்படித்தான் நடக்கிறது. அமெரிக்கத் தொழில் புள்ளிவிபரப் பணியகம் ஒவ்வொரு தொழிலுக்கும் பத்து வருட எதிர்பார்ப்பை வெளியிடும்போது வளர்ச்சியையும் மாற்றையும் பிரித்தே காட்டும். கடைகளில் காசு வாங்கும் காசாளர் வேலை அங்கே சுருங்கும் என்று அதே பணியகம் சொல்கிறது. ஆனாலும் அந்த வேலைக்கு வருடத்துக்கு ஐந்து லட்சத்துக்கும் அதிகமான வெற்றிடங்கள் வரும் என்றும் எழுதியிருக்கிறது. சுருங்கும் ஒரு தொழிலில் இத்தனை வெற்றிடம் இருப்பதற்குக் காரணம், அத்தனை பேர் அதை விட்டுப் போவதுதான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: விளம்பர எண்ணிக்கை என்பது வளர்ச்சியும் விலகலும் கலந்த ஒரு கூட்டுத்தொகை. அதைப் பிரிக்காமல் "கிராக்கி" என்று சொல்லக்கூடாது.

கொப்பியைத் திரும்பப் பிரித்தோம்

அவள் நல்ல பிள்ளை, ஒவ்வொரு விளம்பரத்துக்கும் திகதியும் கம்பனிப் பெயரும் எழுதியிருந்தாள். அதனால் பிரிக்க முடிந்தது. விளம்பரங்களை விட்டுவிட்டுக் கம்பனிகளை எண்ணச் சொன்னேன். கோல் சென்டர் 63 விளம்பரமும் 14 கம்பனிகளிடமிருந்து வந்தவை. அந்த 14இல் ஒன்பது கம்பனிகள் ஆறு கிழமையும் விடாமல் போட்டிருந்தன. கணக்குப் பிரிவின் 41 விளம்பரம் 34 கம்பனிகளுடையது. பெரும்பாலானவை ஒரு தரம் வந்து மறைந்துவிட்டன.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்ப இதுகள் ஒழுகிற அனெக்ஸ்" என்றாள்.

எல்லாம் அப்படி என்று சொல்லிவிட முடியாது. இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். ஒரே விளம்பரம் திரும்பத் திரும்ப வருவதற்குக் குறைந்தது மூன்று காரணங்கள் இருக்கலாம். ஆட்கள் நிலைக்காமல் ஓடலாம். கம்பனி உண்மையிலேயே மாதா மாதம் புதிய குழுக்களைச் சேர்க்கலாம். அல்லது இப்போது வெற்றிடமே இல்லாமல், பின்னாளில் தேவைப்படும் என்று விண்ணப்பங்களைச் சேர்த்து வைக்கலாம்.

மூன்றாவதை நானே செய்திருக்கிறேன். முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் ஒரு விளம்பரத்தை ஏழு மாதம் எடுக்காமல் விட்டிருந்தோம். அந்த ஏழு மாதத்தில் எடுத்த ஆட்கள் இரண்டே பேர். அதே இடத்தில் இன்னொரு பதவிக்கு ஒரே வருடத்தில் நாலு தரம் விளம்பரம் போட்டோம். அந்தப் பிரிவின் மேற்பார்வையாளரோடு யாரும் மூன்று மாதத்துக்கு மேல் நிற்கவில்லை. வெளியில் இருந்து பார்த்தவருக்கு அது ஐந்து விளம்பரம். உள்ளே இருந்த எங்களுக்கு, அங்கே புதிதாக ஒரு கதிரைகூட முளைக்கவில்லை என்று தெரியும்.

எது எந்தக் காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஓரளவுக்கு விளம்பரத்திலேயே தடயம் இருக்கும். புதிய கிளை, புதிய வாடிக்கையாளர், புதிய பிரிவு என்று காரணம் சொல்லியிருந்தால் வளர்ச்சியாக இருக்கலாம். பதவிகளின் வரிசையையும் பாருங்கள். உண்மையாக வளரும் கம்பனி அடிமட்ட ஊழியரோடு குழுத் தலைவர், பயிற்றுநர், முகாமையாளர் என்று மேல் மட்டத்துக்கும் ஆள் தேடும். வருடம் முழுக்க அடிமட்டத்துக்கு மட்டுமே ஆள் தேடினால், அநேகமாக அங்கே வாளியில் ஓட்டை. நேர்முகத் தேர்வுக்குப் போனால் நேரே கேட்டுவிடலாம்: "இது புதிய பதவியா, யாராவது விலகினதால் வந்ததா?" மரியாதையான கேள்விதான். மேசையின் மறுபக்கம் இருந்த என்னிடம் இப்படிக் கேட்டிருக்கிறார்கள், நான் ஒருநாளும் தப்பாக எடுத்ததில்லை. பதில் சொல்லத் தடுமாறினால் அதுவும் ஒரு பதில்தான்.

வாசல் எவ்வளவு அகலம்

சரி, கணக்குத் துறை வென்றுவிட்டதா? இல்லை. அந்த 41ஐயும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன், இந்த முறை "அனுபவம்" என்ற வரியை மட்டும். முப்பது விளம்பரம் இரண்டு வருடமோ அதற்கு மேலோ கேட்டது. அனுபவம் இல்லாதவரை எடுக்கத் தயாராக இருந்தவை பதினொன்று. அதிலும் பல, ஏ.ஏ.டி. முடித்தவர் அல்லது சி.ஏ.யில் பாதி கடந்தவர் வேண்டும் என்றன.

இதை நான் வாசல் அகலம் என்று சொல்வேன்: ஒரு துறையின் விளம்பரங்களில் எத்தனை பங்கு புதியவருக்குத் திறந்திருக்கிறது என்பது. கோல் சென்டருக்கு வாசல் அகலம், மேல்மாடிக்குப் படி குறைவு. கணக்குத் துறைக்கு வாசல் ஒடுக்கம், உள்ளே படி நிறைய. துறை தெரிவு செய்கிற 19 வயதுப் பிள்ளைக்கு இரண்டும் தெரிய வேண்டும். படி இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டு, வாசலில் இரண்டு வருடம் நிற்க வேண்டிவரும் என்று யாரும் சொல்லாததால் மனம் உடைந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்.

அந்த ஒடுங்கிய வாசலுக்கு ஒரு பக்கக் கதவும் உண்டு. அது விளம்பரங்களில் அவ்வளவாகத் தெரியாது. சி.ஏ. படிப்பவர் மூன்று வருடம் அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் பயிற்சி பெற வேண்டும். இந்தப் பயிற்சி இடங்களில் பல, மாணவர் நேரே போய் விண்ணப்பிப்பதாலும் தெரிந்தவர் சொல்வதாலும் நிரம்புகின்றன. அரசாங்க வேலை என்றால் வர்த்தமானி. ஆகவே ஒரு துறையின் விளம்பரம் குறைவாக இருப்பது அங்கே ஆள் எடுக்கவில்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. வேறு கதவால் எடுக்கிறார்களா என்று அந்தத் துறையில் இருப்பவரிடம் விசாரிக்க வேண்டும்.

இந்தப் பகுதியின் சுருக்கம்: விளம்பரங்களைக் கம்பனிவாரியாக எண்ணுங்கள், திரும்பி வருவது எது என்று குறியுங்கள், அனுபவ வரியைத் தனியாக வாசியுங்கள். ஆறு கிழமை போதாது, ஒரு வருடம் பார்த்தால் இன்னும் தெளியும். ஆனால் ஆறு கிழமையிலேயே பெரிய ஓட்டை தெரிந்துவிடும்.

சம்பளக் கணக்கெடுப்பு: எந்த எண், எந்த வருடம்

சம்பளக் கணக்கெடுப்பில் சராசரியை விடுங்கள், இடையத்தைத் தேடுங்கள். இடையம் என்பது எல்லாரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்பவரின் சம்பளம். ஐந்து பேர் வாங்குவது 60,000, 70,000, 80,000, 90,000, 600,000 என்றால் சராசரி 180,000. அந்த ஐவரில் நாலு பேர் அதில் பாதிதான் வாங்குகிறார்கள், அல்லது அதற்கும் குறைவு. இடையம் 80,000. புதிதாகப் போகிறவர் அதற்கும் கீழே, வரிசையின் முதல் காற்பங்கில்தான் நிற்பார். அந்தக் காற்பங்கு எல்லையையும் அறிக்கை தந்தால் அதையே உங்கள் எண்ணாக எடுங்கள்.

அடுத்தது, எந்தச் சம்பளம் என்ற கேள்வி. மாதச் சம்பளம் 100,000 ரூபா வாங்கும் ஒருவரை எடுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு அவரிடம் 8 வீதம் கழிப்பார்கள், கையில் 92,000. கம்பனி தன் பங்குக்கு அதே நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமும் போட வேண்டும், ஆகக் கம்பனிக்குச் செலவு 115,000. ஒரே ஆள், ஒரே மாதம், மூன்று எண். ஒரு துறையின் அறிக்கை 115,000 என்றும் இன்னொரு துறையின் அறிக்கை 92,000 என்றும் சொன்னால், இரண்டு துறைகளுக்கும் நடுவில் வித்தியாசம் இருப்பதாக நாம் நினைப்போம். விளம்பரத்தில் வரும் "ஒரு லட்சம் வரை" என்பது இன்னும் வேறு. அதற்குள் இலக்கை அடைந்தால் மட்டும் கிடைக்கும் ஊக்கத்தொகையும் சேர்ந்திருக்கும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று கேட்காமல் அந்த எண்ணை எங்கும் எழுதக்கூடாது.

இலங்கையில் வருடத்தையும் கட்டாயம் பார்க்க வேண்டும். 2021இல் ஒரு டொலர் சுமார் 200 ரூபா, 2022 நடுப்பகுதியில் சுமார் 360. அதே ஒரு லட்சம் ரூபாச் சம்பளம் 500 டொலரில் இருந்து 280க்குக் கீழே இறங்கியது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைவாசி முந்திய வருடத்தைவிட 70 வீதம் அளவுக்கு ஏறி நின்றது. அதற்கு முந்திய கணக்கெடுப்பில் உள்ள ரூபா எண்ணை இன்றைக்கு அப்படியே வாசிக்க முடியாது. துறைகளில் எது எதைவிட மேலே என்ற வரிசையை மட்டும், அதுவும் கவனமாக, எடுக்கலாம்.

அறிக்கை: இலக்கா, அளவீடா

தொழிற்துறை அறிக்கையைத் திறந்ததும் ஒரு பென்சிலால் இரண்டு குறி போடுங்கள். நடந்ததை அளந்து சொல்லும் எண்ணுக்கு ஒன்று, நடக்க வேண்டும் என்று சொல்லும் எண்ணுக்கு மற்றது. தகவல் தொழில்நுட்பத் துறையின் சங்கமான ஸ்லாஸ்கொம், 2022க்குள் 500 கோடி டொலர் வருமானமும் இரண்டு லட்சம் நேரடி வேலைகளும் என்ற இலக்கை வைத்தது. 2022 வந்தபோது வருமானம் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. சங்கம் இலக்கு வைப்பது அதன் வேலை, அதில் குற்றம் இல்லை. ஆனால் அந்த இரண்டு லட்சத்தை "வரப்போகும் வேலைகள்" என்று டியூட்டரிகளும் தனியார் வளாகங்களும் துண்டுப் பிரசுரத்தில் போட்டுவிட்டால், வாசிக்கிற பெற்றோர் அதை அளவீடாகவே எடுப்பார்கள்.

அளவீட்டுக்கு எனக்குப் பிடித்தது மத்திய வங்கியின் கொள்வனவு முகாமையாளர் சுட்டெண். உற்பத்தி, சேவை, கட்டுமானம் என்று ஒவ்வொன்றுக்கும் மாதா மாதம் வருகிறது, வேலை செய்வோர் எண்ணிக்கைக்கு அதற்குள் தனி எண் உண்டு. கணக்கு எளிது. கம்பனிகளிடம் "போன மாதத்தைவிடக் கூடியதா, அப்படியேயா, குறைந்ததா" என்று கேட்பார்கள். கூடியது என்றவர்களின் வீதத்தோடு அப்படியே என்றவர்களின் வீதத்தில் பாதியைக் கூட்டினால் சுட்டெண். நூறு பேரில் 30 பேர் கூடியது, 50 பேர் அப்படியே, 20 பேர் குறைந்தது என்றால் 30 உடன் 25, மொத்தம் 55. ஐம்பதுக்கு மேலே வளர்ச்சி, கீழே சுருக்கம்.

பலர் தடுக்கி விழுவது எங்கே என்றால், சுட்டெண் திசையைக் காட்டும், உயரத்தைக் காட்டாது. பாதிக்கு மேல் ஆட்களை அனுப்பிவிட்ட ஒரு துறை, பத்துப் பேரைத் திரும்ப எடுத்தாலும் அந்த மாதம் "கூடியது" என்றுதான் பதில் எழுதும். குழிக்குள் விழுந்தவர் இரண்டு படி ஏறியதும் வளர்ச்சிதான், ஆனாலும் அவர் இன்னும் குழிக்குள்.

நாலு வருடம் தள்ளி வரும் பதில்

மூன்றையும் சரியாக வாசித்தாலும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. இன்றைய விளம்பரம் இன்று தகுதியோடு இருப்பவருக்கானது. இன்று படிக்கத் தொடங்குபவர் வெளியே வருவது நாலு வருடம் கழித்து.

கியூ.எஸ். படித்தவர்களின் கதை இதை நன்றாகக் காட்டும். கட்டடத்துக்கு எவ்வளவு பொருள், எவ்வளவு செலவு என்று அளந்து கணிக்கும் குவாண்டிட்டி சர்வேயர் வேலையைத்தான் கியூ.எஸ். என்கிறோம். 2018இல் கொழும்பில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பாரந்தூக்கிகள். காலிமுகத்திடலுக்குப் பக்கத்தில் துறைமுக நகரத்துக்காகக் கடலை நிரப்பிக்கொண்டிருந்தார்கள், மாடி வீடுகள் வரிசையாக எழுந்தன. கியூ.எஸ். விளம்பரங்கள் நிறைய, வளர்ச்சி வெற்றிடங்கள் உண்மையாகவே இருந்தன. அந்த வருடம் படிக்கச் சேர்ந்தவர் சமிக்ஞையைப் பிழையாக வாசித்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் 2019 ஏப்ரலில் குண்டுவெடிப்புகள், 2020இல் கொரோனா, 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் நின்றது. சீமெந்து விலை இரண்டு மடங்கைத் தாண்டியது, தளங்கள் பாதியில் நின்றன. நாலு வருடப் படிப்பு முடித்து அவர் வெளியே வந்தது சரியாக அந்த நேரம். அவரோடு சேர்ந்து, அதே விளம்பரங்களைப் பார்த்துச் சேர்ந்த மற்றப் பிள்ளைகளும் வந்தார்கள்.

இருந்தும் பலர் தப்பினார்கள். அந்தத் திறமைக்குக் கொழும்புக்கு வெளியிலும் சந்தை இருந்ததுதான் காரணம். கட்டார், சவூதி, எமிரேட்ஸ் தளங்களில் இலங்கைக் கியூ.எஸ்.மாருக்கு ஏற்கெனவே நல்ல பெயர் இருந்தது. ஆகவே ஒரு துறையைப் பார்க்கும்போது நான் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கச் சொல்வேன்: இந்த வேலைக்குப் பணம் கொடுக்கிறவர் எத்தனை வகை? ஒரே நகரத்தின் ஒரே வகைக் கம்பனி மட்டும் என்றால் இன்றைய சமிக்ஞை எவ்வளவு பலமாக இருந்தாலும் ஆபத்து. கணக்குத் துறைக்கு வங்கி, தொழிற்சாலை, வைத்தியசாலை, தேயிலை ஏற்றுமதி, வெளிநாட்டுக் கணக்கை இங்கிருந்து எழுதும் அலுவலகம் என்று பல வகை வாங்குபவர் உண்டு. ஒன்று விழுந்தாலும் எல்லாம் ஒரே மாதத்தில் விழாது.

இதைச் சொன்னபோது பெறாமகள் கொப்பியின் பின்பக்கத்தைத் திருப்பி, கணக்குப் பிரிவின் 34 கம்பனிகளையும் வகைவாரியாகப் பிரிக்கத் தொடங்கினாள். பதினொரு வகை வந்தது. கோல் சென்டரின் 14 கம்பனிகளும் இரண்டு வகைக்குள் அடங்கின. பிறகு, அனுபவம் கேட்காத அந்தப் பதினொரு விளம்பரத்தையும் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, "இதில யாரையாவது உங்களுக்குத் தெரியுமா, சின்னம்மா? போய்க் கேட்டுப் பார்க்க வேணும்" என்றாள். இரண்டு இடத்தில் எனக்கு ஆள் தெரியும். அடுத்த செவ்வாய்க்கிழமை இருவரும் போவதாக இருக்கிறோம்.